சின்னத் திரையில் கீபோர்டு: உயரத்தைக் கூட்டுவதா, ஒற்றைக் கை முறையா, தீம் மாற்றுவதா?

கீபோர்டில் எதை மாற்றலாம் என்று யோசிக்கும் முன் ஓர் அடிக்குச்சியை எடுத்துத் திரையின் அகலத்தை அளந்து பாருங்கள். ஐந்து அங்குல பழைய மாடல் போனில் திரையின் அகலம் சுமார் 62 மி.மீ., உயரம் சுமார் 110 மி.மீ. இன்று கடையில் கிடைக்கும் ஆறரை அங்குல போனின் திரையோ 68 மி.மீ. அகலமும் 150 மி.மீ. உயரமும் கொண்டது. பெரிய போன் வாங்கியதில் உயரம் 40 மி.மீ. கூடியிருக்கிறது, அகலமோ வெறும் 6 மி.மீ.தான். "பெரிய போன் வாங்கியும் தட்டச்சுத் தப்பு குறையவில்லையே" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். திரை நீண்டதே தவிர எழுத்துகள் அமரும் வரிசை அகலவில்லை.

கீபோர்டைப் பொறுத்தவரை அகலத்தை நாம் கூட்ட முடியாது. உயரத்தைக் கூட்டலாம். ஒற்றைக் கை முறை இருக்கிற அகலத்தையும் குறைக்கும். தீம் விரலுக்கு எதுவும் செய்யாது, கண்ணுக்கு மட்டும் உதவும். மூன்றும் மூன்று வேறு நோய்க்கான மருந்து. அதனால் எது நல்லது என்று பொதுவாகக் கேட்பதைவிட, உங்கள் தப்பு எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் பார்ப்பதே சரி.

அதைப் பார்ப்பது எளிது. வழக்கமாக எழுதும் நீளத்தில் ஒரு செய்தியைத் திருத்தாமல் அடித்துவிட்டு, தப்பாக விழுந்த எழுத்துகளை மட்டும் கவனியுங்கள். தமிழ் எழுத்துகளையே நேராக அடிக்கும் தமிழ்99 அமைப்பில் அடிப்பவராக இருந்தால், நடு வரிசையில் க, ப, ம, த என்று அடுத்தடுத்து இருக்கும். "படம்" என்று அடிக்கப்போய் "கடம்" என்று வந்தால் விரல் பக்கவாட்டில் விலகுகிறது. "மரம்" என்று அடிக்கப்போய் "னரம்" என்று வந்தால் விரல் மேல் வரிசைக்குப் போய்விட்டது, ஏனென்றால் ம-வுக்கு மேலே இருப்பவை ன-வும் ட-வும்தான். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குபவருக்கு மேல்-கீழ் தப்பு வேறு விதமாகத் தெரியும். n, m, b அடிக்க வேண்டிய இடத்தில் கீழே இருக்கும் இடைவெளிப் பட்டை அழுந்திவிடும், ஒரு சொல் நடுவில் உடைந்து இரண்டாகிவிடும். vanakkam என்பது va akkam என்று நின்றால் அது உயரப் பிரச்சினை, சந்தேகமே வேண்டாம்.

இப்படி விரல் கீழே விலகும் தப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. நாம் குறிபார்ப்பது நகத்தின் நுனியை வைத்து. திரையில் படுவதோ அதற்குக் கீழே இருக்கும் சதைப்பகுதி. பெருவிரல் சாய்வாக வரும்போது இந்த வித்தியாசம் இன்னும் கூடும். அதனால்தான் நினைத்த எழுத்தை விட்டு அதற்குக் கீழே உள்ளது அடிக்கடி அழுந்துகிறது. வரிசை உயரமாக இருந்தால் இந்தச் சறுக்கலை அது தாங்கிக்கொள்ளும்.

உயரம்

கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கீபோர்டின் மேல்பட்டையில் உள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டு Preferences போய் Keyboard height என்பதில் பல அளவுகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். Normal-க்கு மேலே Mid-tall, Tall, Extra-tall என்று மூன்று படிகள். இன்னொன்று, நான்கு சதுரக் குறியைத் தொட்டால் வரும் Resize. அதில் கீபோர்டைச் சுற்றி ஒரு சட்டம் வரும், மேல்விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். சாம்சங் போனில் அந்த நிறுவனத்தின் சொந்தக் கீபோர்டு என்றால் Size and transparency என்ற அமைப்பில் இதே வேலையைச் செய்யலாம். ஐபோனின் சொந்தக் கீபோர்டில் இப்படி உயரத்தை மாற்றும் அமைப்பு கிடையாது. ஐபோன்காரர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது.

உயரத்தைக் கூட்டினால் என்ன விலை கொடுக்கிறோம்? ஐந்து அங்குல போனை வைத்தே கணக்குப் போடுவோம். ஒரு வரிசை எட்டரை மி.மீ. என்று வைத்துக்கொண்டால் நான்கு வரிசைக்கு 34 மி.மீ. மேலே சொற்பரிந்துரைப் பட்டைக்கு 7. ஆகக் கீபோர்டு 41 மி.மீ. வாட்ஸ்அப் மாதிரியான செயலியில் மேலே நேரமும் பேட்டரியும் காட்டும் பட்டை, பெயர்ப் பட்டை, கீழே எழுதும் கட்டம், அதற்கும் அடியில் போனின் பொத்தான் பட்டை என்று இன்னொரு 29 மி.மீ. போகும். மிச்சம் 40 மி.மீ. ஒரு வரிக்கு நாலரை மி.மீ. என்றால் எதிராளி எழுதியதில் ஏறக்குறைய ஒன்பது வரி கண்ணில் படும்.

வரிசையை எட்டரையிலிருந்து பத்து மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக உயர்த்தினால் கீபோர்டு ஐந்து மி.மீ. வளரும், ஒன்பது வரி எட்டாகும். ஒரு வரி போனால் போகட்டும், தாங்கலாம். ஆனால் பலர் இதற்கு மேல் எண் வரிசையையும் போட்டு வைத்திருக்கிறார்கள். அது இன்னொரு ஒன்பது மி.மீ. தின்னும், எட்டு வரி ஆறாகும். நீளமான பதில் எழுதும்போது எழுதும் கட்டமும் மூன்று நான்கு வரிக்கு வளரும். அப்போது கேட்ட கேள்வியே திரையை விட்டு மேலே போய்விடும், நாம் எதற்குப் பதில் எழுதுகிறோம் என்று மேலே தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கும்.

என் முடிவு என்னவென்றால், சின்னத் திரையில் உயரத்தைக் கூட்டுங்கள், அதற்கு ஈடாக எண் வரிசையை எடுத்துவிடுங்கள். இரண்டும் Preferences-க்குள்ளேயே இருக்கின்றன. ஆங்கில அமைப்பில் மேல் வரிசை எழுத்தை அழுத்திப் பிடித்தால் எண் வந்துவிடும். தினமும் கணக்கு எழுதுகிறவர், தொலைபேசி எண்ணாக அனுப்பிக்கொண்டே இருப்பவர் மட்டும் எண் வரிசையை வைத்துக்கொண்டு உயரத்தை Normal-லேயே விடலாம். Extra-tall வரை போவதைப் பொதுவாக நான் பரிந்துரைக்க மாட்டேன். வரிசைக்கு வரிசை தூரம் அதிகமானால் பெருவிரல் மேல் வரிசைக்குப் போய்வருவதே ஒரு வேலையாகிவிடும்.

உயரம் தீர்க்காத ஒன்று உண்டு. பக்கவாட்டுத் தப்பு. அதற்குக் காரணம் அகலம், அகலத்தைத் தீர்மானிப்பது நீங்கள் தேர்ந்தெடுத்த தளக்கோலம், அதாவது எழுத்துகள் அடுக்கப்பட்டிருக்கும் விதம். ஆங்கில அமைப்பின் மேல் வரிசையில் பத்து எழுத்து. 62 மி.மீ. திரையில் ஒன்றுக்கு 6.2 மி.மீ. தமிழ்99 அமைப்பின் மேல் வரிசையில் ஆ-வில் தொடங்கி ஞ வரை பன்னிரண்டு எழுத்து. போன் செயலி அதை அப்படியே வைத்தால் ஒன்றுக்கு 5.2 மி.மீ.தான். ஒரு மில்லிமீட்டர் என்பது எழுத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை, விரலின் அடியில் அது ஒரு விசையின் ஆறில் ஒரு பங்கு.

ஒற்றைக் கை முறை

பெயரைக் கேட்டால் சின்ன போனுக்கென்றே செய்தது போலத் தோன்றும். உண்மையில் இது அகலமான போனுக்காக வந்தது. கீபோர்டை வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒதுக்கி, எதிர்ப்பக்கத்தில் ஒரு பட்டையைக் காலியாக விடுகிறது. அந்தப் பட்டையில் பக்கம் மாற்ற ஓர் அம்புக்குறி, பழைய அகலத்துக்குத் திரும்ப ஒரு பொத்தான். பெருவிரல் எட்டாத தூரம் குறைகிறது, அதே அளவுக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒல்லியாகிறது.

ஆறில் ஒரு பங்கு அகலம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 62 மி.மீ. 52 ஆகும். ஆங்கில அமைப்பில் ஒரு விசை 5.2 மி.மீ. அதாவது ஒற்றைக் கை முறையில் ஆங்கில எழுத்தடிப்பவர் படும் நெருக்கடியை, தமிழ்99 அடிப்பவர் முழு அகலத்திலேயே பட்டுக்கொண்டிருக்கிறார். அவர் ஒற்றைக் கை முறைக்கும் போனால் விசை 4.3 மி.மீ. பச்சரிசியில் கல் பொறுக்குகிற கூர்மை வேண்டும் அதில் அடிக்க. எனவே தமிழ்99 ஆட்களுக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம்.

இன்னொன்றையும் பாருங்கள். 62 மி.மீ. அகலத் திரையை ஒரு கையில் பிடித்தால், பெரும்பாலானோரின் பெருவிரல் எதிர்விளிம்பை எட்டிவிடும். எட்டுகிற இடத்தை இன்னும் கிட்டே கொண்டுவருவதில் லாபம் கொஞ்சம், விசை ஒல்லியாவதில் நட்டம் அதிகம். ஆறரை அங்குல போன், அதற்கு மேல் ஒரு தடித்த கவர் என்று வரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

அந்த மாதிரி போனில் வலக்கைப் பெருவிரலால் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவருக்கு ஒற்றைக் கை முறை உண்மையிலேயே உதவும். காரணம் a என்ற எழுத்து. தமிழில் அகரமும் ஆகாரமும் இல்லாத சொற்றொடரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ammaa என்று அடிக்க மூன்று முறை, vaanga என்று அடிக்க மூன்று முறை விரல் இடது ஓரத்துக்குப் போகிறது. அந்த a இருப்பது கீபோர்டின் இடது விளிம்பில், வலக்கைப் பெருவிரலுக்கு எட்டாக்கையில். பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அடிக்கும் என் தம்பிக்கு இது நாள்தோறும் உள்ள தொல்லை. அவன் போன் ஆறரை அங்குலம். a-வை எட்டுவதற்காகப் போனையே உள்ளங்கைக்குள் உருட்டுவான், ஒவ்வொரு முறையும் கீழே விழப்போகிறது என்று பார்ப்பவர்களுக்குத்தான் பதற்றம். வலப்பக்க ஒற்றைக் கை முறைக்கு மாற்றியதில் அந்த உருட்டல் நின்றுவிட்டது. விசை 6.8-லிருந்து 5.7 மி.மீ. அளவுக்குக் குறைந்ததால் பக்கவாட்டுத் தப்பு கொஞ்சம் கூடியது. ஆனால் ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ஒரு எழுத்து தவறினாலும் பரிந்துரைப் பட்டை பெரும்பாலும் சரியான சொல்லைக் காட்டிவிடுவதால் அவனுக்கு அது பொருட்டாக இல்லை. தமிழ் எழுத்துகளை நேராக அடிக்கும்போது அந்தத் தாங்குதல் அவ்வளவு கிடைப்பதில்லை.

இடக்கைக்காரருக்கு நேர்மாறு. அவர் பெருவிரலுக்கு a பக்கத்திலேயே இருக்கிறது. k, l, m, n, p எல்லாம் எதிர்ப்பக்கம். அவர் இடப்பக்க முறையை முயலலாம், ஆனால் வலக்கைக்காரர் அளவுக்கு அவசியம் இருக்காது.

ஜிபோர்டில் நான்கு சதுரக் குறிக்குள் One-handed இருக்கிறது. ஐபோனில் கீபோர்டின் உலக உருண்டைக் குறியையோ எமோஜிக் குறியையோ அழுத்திப் பிடித்தால் அடியில் மூன்று சிறு கீபோர்டு படங்கள் வரும், வலமோ இடமோ தொடலாம். 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து இது உண்டு. ஆண்ட்ராய்டின் அமைப்புகளில் One-handed mode என்ற பெயரிலேயே இன்னொன்றும் இருக்கிறது. அது கீபோர்டைத் தொடாது, திரை முழுவதையும் கீழே இறக்கும் அல்லது சுருக்கும். அதைப் போட்டுவிட்டு "எழுத்து நகரவே இல்லையே" என்று கேட்பவர்கள் உண்டு.

சின்ன போனிலும் ஒற்றைக் கை முறை கைகொடுக்கும் சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது, விளம்பரத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். கவரின் விளிம்பு திரைக்கு மேல் எழும்பி நின்றால் ஓரத்து எழுத்தில் விரல் சரியாகப் படாது. கண்ணாடி உடைந்து ஓரத்தில் ஒரு பட்டை தொடுதலை உணராமல் போயிருந்தாலும் அப்படியே. கீபோர்டை எதிர்ப்பக்கம் ஒதுக்கினால் அந்தச் செத்த பட்டையைத் தாண்டி எழுத்துகள் வந்துவிடும். சர்வீஸ் கடைக்குப் போகும் வரை சமாளிக்கலாம். இதில் வலம், இடம் என்பது உங்கள் கையைப் பொறுத்ததல்ல, எந்த ஓரம் பழுது என்பதைப் பொறுத்தது.

மிதக்கும் கீபோர்டு என்று ஒன்றும் அதே பட்டியலில் இருக்கும். டேப்லெட்டுக்கு நல்லது. சின்னத் திரையில் எங்கே வைத்தாலும் எதையாவது மறைக்கும்.

தீம்

தீம் மாற்றினால் வேகம் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் எழுத்தைத் தேடி அடிப்பவருக்கு, அதாவது தளக்கோலம் இன்னும் விரலுக்குப் பழகாதவருக்கு, இது மற்ற இரண்டையும்விடப் பெரிய உதவி. ண-வும் ன-வும் ஒரு சுழியில் வேறுபடுகின்றன. சின்ன விசையில் வெளிர்சாம்பல் எழுத்தாக இருந்தால் நாற்பது வயதைக் கடந்த கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் முதலில் பார்ப்பது நிறத்தையல்ல, விசைகளைச் சுற்றிக் கோடு இருக்கிறதா என்பதை. ஜிபோர்டில் Theme போய் ஏதாவது ஒரு தீமைத் தொட்டால், அதை உறுதிசெய்யும் இடத்தில் Key borders என்று ஒரு பொத்தான் வரும். அதைப் போட்டால் ஒவ்வொரு எழுத்தும் தனிக் கட்டத்தில் நிற்கும். தொடுதலை உணரும் பரப்பு இதனால் கூடுவதில்லை, இரண்டு கட்டங்களுக்கு இடையே தட்டினாலும் பக்கத்தில் இருக்கும் எழுத்துதான் விழும். ஆனால் விசையின் நடு எது என்று கண்ணுக்குத் தெரிவதால் விரல் நடுவை நோக்கிப் போகிறது.

நிறத்தில், வெளிர் பின்னணியா கறுப்பா என்பதை நீங்கள் எங்கே அதிகம் அடிக்கிறீர்கள் என்பது முடிவு செய்யட்டும். நடுப்பகல் வெயிலில் கறுப்புத் தீம் கண்ணாடி மாதிரி முகத்தைத்தான் காட்டும். வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்தே அங்கே படிக்க முடியும். இரவில் படுக்கையில் என்றால் கறுப்பு. இரண்டும் உண்டு என்றால் System auto என்ற தீமைத் தேர்ந்தெடுத்தால், போன் இருண்ட முறைக்கு மாறும்போது கீபோர்டும் மாறும். பார்வைச் சிதறல் உள்ளவர்களில் சிலருக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து ஓரம் கசிந்து தெரியும். அவர்கள் இரவிலும் வெளிர் தீமை வைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் குறைப்பது மேல். குழந்தையின் படத்தைப் பின்னணியாக வைக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. படத்தின் முகத்துக்கு மேல் விழும் நான்கைந்து எழுத்துகள் தெரியாமல் போகும், அவ்வளவுதான். சாம்சங் கீபோர்டில் High contrast keyboard என்று தனியே இருக்கிறது, அழகைப் பார்க்காமல் தெளிவை மட்டும் பார்ப்பவர்களுக்கு. அதிலேயே எழுத்தின் அளவைக் கூட்டும் வசதியும் உண்டு.

ஒருவருக்குப் பொருத்திப் பார்த்தால்

என் சித்தி அலுவலகத்தில் தமிழ்99 அடித்து ஓய்வு பெற்றவர். போன் ஐந்து அங்குலம், மாற்ற மனமில்லை. இடக்கையில் பிடித்துக்கொண்டு வலக்கைச் சுட்டுவிரலால் அடிப்பார். அவர் முதலில் கேட்டது ஒற்றைக் கை முறையைத்தான், "ஒரு விரலால்தானே அடிக்கிறேன்" என்பது அவர் வாதம். சுட்டுவிரலுக்கு எட்டாத தூரம் என்று எதுவும் இல்லை, அதனால் அதில் அவருக்கு நட்டம் மட்டுமே. அவர் அனுப்பிய பழைய செய்திகளைப் பார்த்தபோது ம-வுக்கு ன, க-வுக்கு மேல் வரிசை எழுத்து என்று மேல்-கீழ் தப்பே அதிகம். உயரத்தை இரண்டு படி ஏற்றி எண் வரிசையை எடுத்தோம். விசைக் கோடு போட்டு வெளிர் தீம் வைத்தோம். விசையை அழுத்தும்போது எழுத்து பெரிதாக மேலெழும்பிக் காட்டும் Popup on keypress அணைந்திருந்தது, அதைப் போட்டோம். விரல் மறைத்த எழுத்து எதுவென்று அடித்த கணமே தெரிவதால் ண-ன குழப்பத்தை அவரே பிடித்துவிடுகிறார்.

பக்கவாட்டுத் தப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. பன்னிரண்டு எழுத்து 62 மி.மீ.க்குள் இருக்கும் வரை அது இருக்கும். ஆங்கில எழுத்து முறைக்கு மாறச் சொன்னால் "இத்தனை வருஷம் படிச்சதை மறக்கவா?" என்கிறார், அதுவும் நியாயம்தான். நீளமான கடிதம் எழுதும்போது மட்டும் போனைப் படுக்கவைத்துக்கொள்கிறார். அப்போது விசை ஒன்பது மி.மீ.க்கு மேல் அகலமாகிவிடுகிறது, ஆனால் கீபோர்டுக்கு மேலே ஓரிரு வரிதான் தெரியும். பதில் எழுதுவதற்கு அது உதவாது, மனதில் இருப்பதைக் கொட்டுவதற்கு உதவும்.

ஒன்றை மாற்றிவிட்டு இரண்டு மூன்று நாள் பொறுத்துத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். பழகிய விரல் பழைய இடத்தையே தேடுவதால் எந்த மாற்றமும் முதல் நாளில் தப்பைக் கூட்டும். மூன்றையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரிக்க முடியாது.

வங்கிச் செயலிகள் சில தங்கள் சொந்த எண்பலகையைக் கொண்டுவருகின்றன. அங்கே உங்கள் உயரமும் தீமும் செல்லாது. ஐபோனில் வேறு நிறுவனத்தின் கீபோர்டு போட்டிருந்தாலும் கடவுச்சொல் கட்டத்தில் ஆப்பிளின் கீபோர்டுதான் வரும். அந்த இடங்களில் எழுத்து திடீரென்று சிறுத்தால் உங்கள் அமைப்பு அழிந்துவிட்டது என்று பதறி எல்லாவற்றையும் மறுபடி மாற்ற வேண்டாம். கட்டத்தை விட்டு வெளியே வந்ததும் பழைய கீபோர்டு திரும்பிவிடும்.